காப்பித்தூளுக்கான பணம் வராத மாதத்தில் என்ன எழுதுவது, எப்போது எழுதுவது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அண்ணன் ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டை வாங்கி, வறுத்து, அரைத்து விற்கிறார். கடைக்கு வந்து வாங்குபவர்கள் போக, வெளியூர்களில் இருக்கும் சேலத்துக்காரர்கள் பலர் மாதச் சந்தா கட்டி அரை கிலோ பொட்டலத்தைக் கூரியரில் பெறுகிறார்கள். அந்தச் சந்தாவுக்கான இணையதளத்தையும் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி யுபிஐ ஆட்டோபே மூலமாகவோ கார்டு மூலமாகவோ ரூ. 620 தானாக எடுக்கப்படும். அவ்வாறு எடுக்க முடியாமல் போகும்போது வாடிக்கையாளருக்கு எத்தனை மடல்கள் அனுப்புவது, ஒவ்வொன்றிலும் என்ன சொல்வது, எந்த நாளில் எந்த நேரத்தில் அனுப்புவது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள் தரும் ஆயத்த மடல்கள் ஏறக்குறைய ஒரே விதமாக இருக்கின்றன. "உங்கள் கட்டணம் தோல்வியடைந்தது, உடனே புதுப்பிக்கவும்" என்ற வாசகமே மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மீண்டும் வருகிறது. சிவப்பு நிறம் மட்டும் அடர்ந்துகொண்டே போகிறது. நான் பின்பற்றும் விதி வேறு. முந்தைய மடலுக்குப் பிறகு வாடிக்கையாளர் அறியாத புதிய செய்தி ஒன்று உண்டாகியிருந்தால் மட்டுமே அடுத்த மடல் போக வேண்டும். ஆகவே மடல்களின் தேதிகளை நான் நாட்காட்டியை வைத்து முடிவு செய்வதில்லை. பணம் எடுக்கும் முயற்சிகள் எப்போது நடக்கின்றன, கொட்டை வறுக்கும் நாள் எது என்ற இரண்டையும் வைத்தே முடிவு செய்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது காரணம். பணம் வராததற்கான காரணத்தை வங்கி ஒரு குறியீடாகத் திருப்பி அனுப்புகிறது. கார்டில் 51 என்று வந்தால் கணக்கில் போதிய பணம் இல்லை. 54 என்றால் கார்டு காலாவதியாகிவிட்டது. 05 என்றால் வங்கி மறுத்துவிட்டது, ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. யுபிஐயில் பணம் இல்லாததற்கு Z9 என்று வரும். குறியீடுகள் ஏராளமாக இருந்தாலும், மடல் எழுதுபவருக்கு அவை மூன்று கூட்டங்களாகப் பிரிந்தால் போதும். வங்கியின் கணினி அந்த நேரத்தில் பதில் தராதது போன்ற தொழில்நுட்பக் கோளாறுகள் முதல் கூட்டம். கணக்கில் பணம் இல்லாததும் காரணம் சொல்லப்படாத மறுப்பும் இரண்டாவது. காலாவதியான கார்டு, தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட கார்டு, ரத்தான ஆட்டோபே அனுமதி ஆகியவை மூன்றாவது. இந்த மூன்றாவது கூட்டத்தில் எத்தனை முறை முயன்றாலும் பணம் வராது.

முதல் கூட்டத்துக்கு உடனே மடல் தேவையில்லை. வங்கியின் கோளாறுக்கு வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அடுத்த முயற்சியில் பணம் வந்துவிட்டால் அவருக்கு ரசீது மட்டும் போனால் போதும். அடுத்த முயற்சியும் அதே கோளாறால் தவறினால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். யுபிஐயில் சில நேரங்களில் முடிவு தெரியாமல் நிலுவையில் நிற்கும். வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்திருக்கும், நமக்கு வந்து சேர்ந்திருக்காது. அந்த நிலையில் "பணம் வரவில்லை" என்று எழுதினால், வங்கியின் குறுஞ்செய்தியையும் நம் மடலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு நம்மீதுதான் சந்தேகம் வரும். முடிவான பதில் வரும்வரை தோல்வி மடல் போகக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்குச் செலுத்திய யுபிஐ தொகை கணக்கில் கழிந்தும் வணிகரிடம் உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு உண்டு. இந்த ஐந்து நாள் விவரத்தை எல்லாத் தோல்வி மடல்களின் அடியிலும் ஒரே வரியில் வைத்திருக்கிறேன். "பணம் போய்விட்டதே" என்று தொலைபேசியில் அழைப்பவர்களின் கேள்விக்கு அந்த வரியே விடை.

இரண்டாம் கூட்டம்தான் பெரும்பகுதி என்பதால் அதை ஒரு மாதத்தின் தேதிகளோடு முழுமையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஏற்பாட்டில் முதல் தேதி அதிகாலையில் முதல் முயற்சி நடக்கிறது. யுபிஐ ஆட்டோபேயில் ஒரு முயற்சியும், அது தவறினால் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சிகளும் மட்டுமே என்று யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ வரையறுத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் அவை நெரிசல் இல்லாத நேரங்களில், அதாவது காலை 10 மணிக்கு முன்போ, பிற்பகல் 1 முதல் 5 வரையோ, இரவு 9.30க்குப் பிறகோதான் நடக்க வேண்டும். எங்களுக்கு மறுமுயற்சிகள் 2, 3, 4 ஆகிய தேதிகளில் அதிகாலையில் நடக்கின்றன. சம்பளமும் ஓய்வூதியமும் மாத இறுதியில் வந்துசேர, வீட்டுக்கடன் தவணைகள் பலருக்கு 5ஆம் தேதி கழிகின்றன. எனவே மறுமுயற்சிகளை 5ஆம் தேதிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

முதல் மடல் முதல் தேதியே காலை பத்து மணியளவில் போகிறது. மறுமுயற்சி நடந்து பார்த்த பிறகு எழுதலாமே என்று அண்ணன் கேட்டார். "ஒரு நாள் பொறுங்க தம்பி, வந்தாலும் வந்துரும்" என்பது அவர் வாதம். ஆனால் நம்மிடம் இருப்பவை மூன்றே மறுமுயற்சிகள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவற்றில் ஒன்றைச் செலவழிப்பதைவிட, நாளை காலை மீண்டும் எடுப்போம் என்று இன்றே சொல்லிவிட்டால் அவர் இரவுக்குள் கணக்கில் பணம் போட்டு வைப்பார். முயற்சி தவறிய அதிகாலை நேரத்திலேயே மடல் போக வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் பணம் பற்றிய கெட்ட செய்தி யாருக்கும் வேண்டாம்.

> பொருள்: ஜூன் மாதக் காப்பித்தூள்: ரூ. 620 எடுக்க முடியவில்லை, நாளை மீண்டும் முயல்வோம்
>
> வணக்கம். தங்கள் ஜூன் மாதச் சந்தாவுக்கான ரூ. 620 இன்று காலை எடுக்கப்படவில்லை. கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று வங்கி தெரிவித்துள்ளது. நாளை (2ஆம் தேதி) காலை மீண்டும் முயல்வோம். அதற்குள் இருப்பு இருந்தால் தாங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொட்டலம் வழக்கம்போல 10ஆம் தேதி புறப்படும்.

இந்த மடலில் பணம் கட்டும் இணைப்பை நான் வைப்பதில்லை. இணைப்பு வழியாக இன்றிரவு பணம் கட்டியவரிடம் நாளை காலை மறுமுயற்சியும் நடந்துவிட்டால் இரண்டு முறை எடுத்ததாகிவிடும். இணைப்பில் பணம் வந்தவுடன் மறுமுயற்சியை ரத்து செய்யும் வசதி உறுதியாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். அந்த உறுதி இல்லாத இடத்தில் இணைப்பைத் தராமல் இருப்பதே நேர்மை. காரணம் சொல்லாத 05 குறியீட்டுக்கு "கணக்கில் இருப்பு இல்லை" என்று ஊகித்து எழுதக் கூடாது. "தங்கள் வங்கி காரணம் தெரிவிக்கவில்லை, வங்கியைக் கேட்டால் சொல்வார்கள்" என்று உள்ளதை எழுதினால் போதும். பணம் வைத்திருப்பவரிடம் பணம் இல்லை என்று சொல்வதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை.

2, 3 தேதிகளில் மறுமுயற்சி தவறினாலும் மடல் கிடையாது, ஏனெனில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. 4ஆம் தேதி அதிகாலை கடைசி மறுமுயற்சியும் தவறும்போதுதான் நிலைமை மாறுகிறது. இனி இந்த மாதத்துக்குத் தானாகப் பணம் வராது, வாடிக்கையாளர் ஏதாவது செய்தாக வேண்டும். அன்றே காலை பத்து மணிக்கு இரண்டாம் மடல்.

> பொருள்: ஜூன் மாதத்துக்கு இனி தானாக எடுக்க மாட்டோம், 8ஆம் தேதி மாலைக்குள் செலுத்தலாம்
>
> வணக்கம். நான்கு முறை முயன்றும் ரூ. 620 வரவில்லை. இந்த மாதத்துக்கு இனி தங்கள் கணக்கிலிருந்து தானாக எதுவும் எடுக்கப்படாது. கீழுள்ள இணைப்பில் எந்தக் கணக்கிலிருந்தும் ஒரே ஒரு முறை செலுத்தலாம்; கடவுச்சொல் தேவையில்லை. 8ஆம் தேதி மாலை 6 மணிக்குள் வந்தால் தங்கள் பொட்டலம் இந்த மாத வறுவலில் சேரும். ஜூலை முதல் ஆட்டோபே வழக்கம்போலத் தொடரும். இந்த மாதம் வேண்டாம் என்றால், அதற்கான இணைப்பும் கீழே உள்ளது.

"இனி தானாக எதுவும் எடுக்கப்படாது" என்ற வாக்கியம்தான் இந்த மடலின் உயிர். கையால் கட்டிவிட்டு, பிறகு வங்கியும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற அச்சத்தாலேயே பலர் கட்டாமல் காத்திருக்கிறார்கள். கடவுச்சொல் கேட்காமல் நேரே தொகைக்குப் போகும் இணைப்பாக இருப்பதும் முக்கியம். சந்தா கட்டிய நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட நம் தளத்துக்கு வராதவருக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது. அந்த இணைப்பில் முகவரியோ தொலைபேசி எண்ணோ தெரியக் கூடாது. தொகையும் மாதமும் மட்டும் தெரிய வேண்டும், 8ஆம் தேதி மாலையோடு அது செயலிழக்கவும் வேண்டும்.

"இந்த மாதம் வேண்டாம்" என்ற வழியை அண்ணன் முதலில் விரும்பவில்லை. நாமே வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பதாக அவருக்குத் தோன்றியது. கையில் பணம் இல்லாதவருக்கு அது கௌரவமான பதில் என்று நான் கருதுகிறேன். அப்படி ஒரு வழி இல்லையென்றால் அவர் மௌனமாக இருப்பார், அடுத்து யுபிஐ செயலியைத் திறந்து ஆட்டோபேயையே ரத்து செய்வார். ஒரு மாதம் விட்டவர் அடுத்த மாதம் வாங்கலாம். அனுமதியை ரத்து செய்தவர் அதை மீண்டும் தருவது அரிது.

மூன்றாம் மடல் 8ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு. இது மூன்று வரிகளுக்கு மேல் போகக் கூடாது. இன்று மாலை ஆறு மணிக்கு வறுவல் கணக்கு முடிகிறது, அதன் பிறகு பணம் வந்தால் அடுத்த மாத வறுவலில்தான் அனுப்ப முடியும், இதோ இரண்டு இணைப்புகளும். இந்தக் கெடு மெய்யானது என்பதால்தான் இந்த மடலுக்கு மரியாதை. எத்தனை கிலோ வறுக்க வேண்டும், யாருக்குச் சிக்கரி எவ்வளவு கலக்க வேண்டும் என்ற பட்டியல் உண்மையிலேயே அன்று மாலை அண்ணன் கைக்குப் போகிறது. கெடு இல்லாத வணிகத்தில் கெடு இருப்பதுபோல எழுதி, அது கடந்த பிறகும் பணத்தை வாங்கிக்கொண்டால், மறு மாதம் உங்கள் மூன்றாம் மடலை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நான்காம் மடல் 9ஆம் தேதி காலை. பலரும் இதை மிரட்டலாக எழுதுகிறார்கள். எங்களுடையதில் முதல் வாக்கியம், "தாங்கள் எங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை" என்பது. பொருள் போகவில்லை, ஆகவே கடனும் இல்லை. ஜூன் பொட்டலம் அனுப்பப்படவில்லை, ஜூலை முதல் தேதி மீண்டும் முயல்வோம், அதற்கு முன் நிறுத்த விரும்பினால் இங்கே நிறுத்தலாம் என்று சொல்லி முடிக்கிறோம். ஜூலையிலும் இதே கதையானால் அந்த மாத இறுதியில் சந்தாவை நாங்களே நிறுத்திவைத்து, ஆட்டோபே அனுமதியையும் ரத்து செய்து, அதை மடலில் தெரிவிக்கிறோம். மென்பொருள் போன்ற சேவையை விற்பவர்களுக்கு இந்த நான்காம் மடலில் வேறொரு கடமை உண்டு: வாடிக்கையாளர் சேமித்து வைத்த தகவல்கள் எந்தத் தேதி வரை இருக்கும், அவற்றை எப்படி இறக்கிக்கொள்வது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு நடுவே எந்த நேரத்தில் பணம் வந்தாலும் உடனே ரசீது போக வேண்டும், மீதி மடல்கள் நிற்க வேண்டும். மடல்களை முன்கூட்டியே வரிசையில் போட்டு வைத்துவிட்டு, அனுப்பும் நொடியில் பணம் வந்ததா என்று மீண்டும் பார்க்காத ஏற்பாடுகளில், கட்டியவருக்கே "இன்று கடைசி நாள்" என்று போய்ச் சேரும். அந்தச் சோதனையை வரிசைப்படுத்தும்போது செய்வதில் பயனில்லை, அனுப்பும்போது செய்ய வேண்டும்.

மூன்றாம் கூட்டத்துக்கு வருகிறேன். காலாவதியான கார்டுக்கு மறுமுயற்சியே கூடாது. முதல் மடலே செயலைக் கேட்கும் மடலாக இருக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. தொடர் கட்டணத்துக்கான அனுமதியைப் பதிவு செய்யும்போது ஓடிபியும் வேண்டும். ஆகவே இணைப்பு புதிய அனுமதியைப் பதிவு செய்யும் பக்கத்துக்குப் போக வேண்டும், மடலில், "வங்கியின் பக்கத்தில் ஒருமுறை ஓடிபி கேட்கும், நாங்கள் தொலைபேசியிலோ மடலிலோ ஒருபோதும் ஓடிபி கேட்க மாட்டோம்" என்று எழுத வேண்டும். எந்தக் கார்டு என்பதைக் கடைசி நான்கு எண்களால் குறிப்பிட வேண்டும். ரசீது எந்த முகவரியிலிருந்து மாதந்தோறும் போகிறதோ அதே முகவரியிலிருந்துதான் இதுவும் போக வேண்டும். பண மோசடி மடல்களைப் பற்றிச் செய்தித்தாள் படிக்கும் எவரும் புதிய முகவரியிலிருந்து வரும் "உடனே கார்டைப் புதுப்பிக்கவும்" என்பதைத் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது.

ஆட்டோபே ரத்து என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. கார்டு தானாகக் காலாவதியாகிறது. ஆட்டோபே அனுமதியோ பெரும்பாலும் வாடிக்கையாளர் தாமே செயலியைத் திறந்து ரத்து செய்வதால் போகிறது. அவர் தமது முடிவைச் சொல்லிவிட்டார். அவரிடம் நான்கு மடல்கள் அனுப்பிப் பணம் கேட்பது கதவை மூடியவரின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான். எங்களிடமிருந்து அவருக்கு ஒரே மடல் போகிறது: "ஆட்டோபே ரத்து செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சந்தாவை நிறுத்திவிட்டோம், இனி எதுவும் எடுக்கப்படாது. தவறுதலாக நடந்திருந்தால் இங்கே மீண்டும் தொடங்கலாம்." வேறு செயலிக்கு மாறும் எண்ணத்தில் ரத்து செய்தவர்கள் அந்த இணைப்பின் வழியே திரும்பி வருகிறார்கள். மற்றவர்களை விட்டுவிட வேண்டும்.

எங்கள் வணிகத்துக்கே உரிய ஒரு நிலையை ஓர் உண்மை நிகழ்வோடு சொல்கிறேன். அஸ்தம்பட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு மாதந்தோறும் பொட்டலம் போகிறது. பணம் பெங்களூரில் இருக்கும் அவருடைய மகனின் கணக்கிலிருந்து வருகிறது. ஒரு மாதம் 51 வந்தது. மடல்கள் எல்லாம் மகனுக்கே போயின, அவர் வேலை அவசரத்தில் பார்க்கவில்லை. 11ஆம் தேதி அம்மா கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். "இந்த மாசம் தூள் இன்னும் வரலையேப்பா, கூரியர்க்காரர் யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார். எடுத்த பையன், "இந்த மாத வறுவலில் உங்கள் பொட்டலம் சேரவில்லை அம்மா, அண்ணனிடம் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம்" என்று மட்டும் சொன்னான். மகன் கணக்கில் பணம் இல்லை என்று அவன் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். கணக்கின் நிலை கணக்குக்கு உரியவருக்கு மட்டும் சொந்தமான செய்தி. பெற்ற தாயாக இருந்தாலும் அதை நம் வாயால் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அன்று பிற்பகல் மகனிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் அப்போதே பணம் கட்டினார். அடுத்த வறுவல்வரை காத்திருக்க வைக்காமல், கடையிலிருந்த தூளையே அண்ணன் ஆள் மூலம் அஸ்தம்பட்டிக்குக் கொடுத்தனுப்பினார்.

இவ்வாறு கட்டுபவரும் குடிப்பவரும் வேறாக இருக்கும் சந்தாக்களுக்கு இப்போது மடலின் பொருள் வரியே மாறுகிறது: "அம்மாவுக்கான ஜூன் காப்பித்தூள்" என்று தொடங்குகிறது. சந்தா தொடங்கும்போது பொட்டலம் யாருக்கு என்று கேட்டு, அவர் எழுதிய சொல்லையே பயன்படுத்துகிறோம். "சந்தா எண் இன்னது" என்று தொடங்கும் மடலைக் கடந்து போகிறவர்கூட இதைக் கடந்து போவதில்லை. இவர்களுக்கு மூன்றாம் மடலை 8ஆம் தேதி காலைக்குப் பதிலாக 7ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அனுப்புகிறோம். அலுவலகம் முடிந்து வீட்டோடு பேசும் நேரம் அது.

மடல்கள் பயன் தருகின்றனவா என்பதை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. மடலிலுள்ள படம் இறக்கப்பட்டதை வைத்தே அது திறக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் 2021 முதல் ஆப்பிளின் மடல் செயலி, படிப்பவர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளக் கூடியது. அதனால் திறந்த எண்ணிக்கை பொய் சொல்கிறது. நான் பார்ப்பது இரண்டு பத்திகள் கொண்ட ஒரு தாள். மறுமுயற்சியில் தானாக வந்த பணம் ஒரு பத்தி, இணைப்பின் வழியே வந்த பணம் இன்னொரு பத்தி, இரண்டும் காரணவாரியாகப் பிரித்து. இவற்றைக் கலந்துவிட்டால், 2ஆம் தேதி சம்பளம் விழுந்ததால் வந்த பணத்துக்கெல்லாம் முதல் மடலின் வாசகம்தான் காரணம் என்று எண்ணத் தோன்றும். மடல்களுக்கு வரும் பதில்களையும் அதே தாளின் அடியில் எழுதி வைக்கிறேன். ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால், அதற்கான விடையை அடுத்த மாத மடலில் ஒரு வாக்கியமாகச் சேர்க்கிறேன். "ஜூலை முதல் ஆட்டோபே வழக்கம்போலத் தொடரும்" என்ற வாக்கியம் இரண்டாம் மடலுக்குள் வந்தது அப்படித்தான்.